22 காஸ்டிங்கின் கணக்கு

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஃபவுண்டரி ஒன்றுக்கு 40,922 ரூபாய் 40 காசுக்கு ஒரு டெபிட் நோட் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஃபவுண்டரிக்காரரே நேரில் வந்துவிட்டார். கோபப்படவில்லை. நான் அனுப்பிய தாளை மேஜைமேல் விரித்து, தொகை இருந்த இடத்தில் விரலை வைத்து, "ஏனுங்க தம்பி, இது எப்படிங்க வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

என்னால் சொல்ல முடியவில்லை. தாளில் இருந்தது ஒரே வரி: 'ரிஜெக்‌ஷன் 24 எண்ணம், மெஷினிங் செலவு, வாடகை, ஜி.எஸ்.டி. உட்பட'. அதை அவர் தன்னுடைய பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. அன்று மதியம் முழுவதும் உட்கார்ந்து இருவரும் அந்தத் தொகையைப் பிரித்துப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். சரக்கு வாங்கும் எந்தக் கடைக்கும் பட்டறைக்கும் இது பொருந்தும்.

முதலில் டெபிட் நோட் என்றால் என்ன என்பது. ஃபவுண்டரியிடம் கடனுக்குச் சரக்கு வாங்கினால், என் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயரில் வரவுப் பக்கம் பில் தொகை ஏறும். அவ்வளவு நான் அவருக்குத் தர வேண்டும். சரக்கில் பழுது இருந்து திருப்பி அனுப்பினால் அந்தக் கடன் குறைய வேண்டும். அதற்காக அவர் கணக்கில் பற்று எழுதுகிறேன். 'உங்கள் கணக்கில் இவ்வளவு பற்று எழுதியிருக்கிறேன், காரணம் இது' என்று அவருக்குத் தெரிவிக்கும் தாள்தான் டெபிட் நோட்.

இந்தப் பெயரால் ஒரு குழப்பம் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆவது பிரிவு டெபிட் நோட், கிரெடிட் நோட் இரண்டையும் பேசுகிறது. ஆனால் அங்கே இரண்டையும் போடுகிறவர் சரக்கை விற்றவர்தான். விலை கூடினால் அவர் டெபிட் நோட் போடுவார். சரக்கு திரும்பி வந்தாலோ குறைபாடு இருந்தாலோ கிரெடிட் நோட் போடுவார். வாங்கியவர் போடும் டெபிட் நோட் அந்தச் சட்டத்தின்படி வரி ஆவணம் ஆகாது. அது ஒரு கோரிக்கைதான். அதைப் பார்த்து விற்றவர் கிரெடிட் நோட் போட்டு, தன் ரிட்டர்னில் காட்டினால்தான் வரி குறையும். ஆகவே நம் டெபிட் நோட் எப்படி இருக்க வேண்டும் என்றால், அதை அப்படியே பார்த்து அவர் கிரெடிட் நோட் எழுத முடிகிற மாதிரி இருக்க வேண்டும். நான் அனுப்பியதை வைத்து அவரால் எதையும் எழுத முடியாது.

இனி சரக்குக்கு வருவோம். வந்தது பம்ப்பின் உடல் பகுதியான கேசிங், வார்ப்பிரும்பில் செய்தது. 200 எண்ணம். ஃபவுண்டரியில் காஸ்டிங்கை எண்ணிக்கையில் விற்பதில்லை, எடையில்தான் விற்பார்கள். பில்லில் எடை 2,400 கிலோ, விலை கிலோவுக்கு 110 ரூபாய். ஆக 2,64,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 47,520. மொத்தம் 3,11,520 ரூபாய். ஒரு கேசிங்கின் சராசரி எடை 12 கிலோ.

சரக்கு இறங்கிய மறுநாள் இன்கமிங் சோதனையில் 8 கேசிங் தனியே எடுத்து வைக்கப்பட்டன. ஐந்தில் மேல் பெட்டி அச்சும் கீழ்ப் பெட்டி அச்சும் நேராகப் பொருந்தாமல் விளிம்பு நகர்ந்திருந்தது. மூன்றில் உருகிய இரும்பின் இரண்டு ஓட்டங்கள் ஒன்றாகக் கலக்காமல், மடிப்பு விழுந்த கோடாக நின்றிருந்தன. இவை வெறும் கண்ணுக்கே தெரிகிற குறைகள்.

மீதி 192 லேத்துக்குப் போயின. வார்ப்பின் உண்மையான குணம் அங்கேதான் தெரியும். மணல் அச்சில் ஈரம் கூடினாலோ, கோரில் வாயு வெளியேற வழி இல்லாமல் போனாலோ, அந்த வாயு இரும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். மேல் தோல் மூடியிருக்கும். டூல் ஒரு சுற்று வெட்டிய பிறகுதான் உள்ளே குழி திறக்கும். இதை ப்ளோ ஹோல் என்கிறார்கள். 9 கேசிங்கில் முதல் ஆபரேஷனிலேயே குழி தெரிந்துவிட்டது. 5 கேசிங் இரண்டு ஆபரேஷனும் முடிந்து, தண்ணீர் அழுத்தச் சோதனையில் கசிந்தன. இன்னும் இரண்டு கழிந்தன. அந்த இரண்டில் துளை அளவு மீறிப் பெரிதாகியிருந்தது.

நான் போட்ட 24 இதுதான்: 8, 9, 5, 2. முதல் தப்பும் இங்கேதான். கடைசி இரண்டும் எங்கள் லேத்தில் நடந்த பிழை. கழிந்த காஸ்டிங்குகளை எல்லாம் தரையில் வரிசையாக வைக்கச் சொல்லி, ஃபவுண்டரிக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "ப்ளோ ஹோல்னா சுவர் வழவழன்னு குமிழி மாதிரி இருக்குமுங்க. இதுல பாருங்க, சுத்தியும் டூல் ஓடுன கோடு வரிவரியா இருக்கு" என்று அந்த இரண்டைத் தள்ளி வைத்தார். எங்கள் லேத் சூப்பர்வைசரும் ஒப்புக்கொண்டார். பழுது யாருடையது என்று தீர்மானிக்காமல் எண்ணிக்கையை எழுதவே கூடாது. காரணத்தையும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதி, தர ஆய்வாளரும் லேத் பிரிவும் கையெழுத்துப் போட்ட ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் வந்த பிறகுதான் கணக்குப் பிரிவு பேனாவை எடுக்க வேண்டும். ஆக, எண்ணிக்கை 22.

அடுத்தது விலை. 22 கேசிங், தலா 12 கிலோ, 264 கிலோ. கிலோ 110 ரூபாய் வீதம் 29,040 ரூபாய். இந்த 110 எங்கிருந்து வர வேண்டும் என்பதுதான் முக்கியம். இரும்புக் கழிவு விலை ஏறி இறங்குவதால் காஸ்டிங் விலையும் அடிக்கடி மாறும். இன்றைய ஆர்டரில் இருக்கும் விலையைப் போடக் கூடாது. அந்தக் கேசிங் எந்த பில்லில் வந்ததோ அந்த பில்லின் விலையைத்தான் போட வேண்டும். எந்த பில் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு கேசிங்கின் முதுகிலும் வார்க்கும்போதே ஒரு ஹீட் நம்பர் பதிந்து வரும். எந்த உலையில் எந்த உருக்கில் ஊற்றியது என்று சொல்லும் எண் அது. சரக்கு இறங்கும்போது அதை ஜி.ஆர்.என்.னில் குறித்து வைத்தால், இரண்டு மாதம் கழித்துக் கழிந்த ஒரு கேசிங்கையும் அதன் பில்லோடு சேர்த்துவிடலாம். குறித்து வைக்காதவர்கள் கடைசியாக வந்த பில்லின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். தகராறு அங்கேதான் தொடங்கும்.

29,040க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 5,227 ரூபாய் 20 காசு. இதையும் சேர்த்து ஏன் பிடிக்கிறோம்? பில்லில் 47,520 ரூபாய் வரியை அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அதை நான் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்டேன். சரக்கு திரும்பிப் போகும்போது அதற்குரிய 5,227 ரூபாய் 20 காசு வரவை நான் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் கிரெடிட் நோட் போட்டு, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் அதே தொகையைக் குறைத்துக்கொள்வார். ஒருவர் விட்டுக்கொடுப்பதும் மற்றவர் குறைத்துக்கொள்வதும் காசு சுத்தமாக ஒன்றாக இருந்தால்தான் கணக்கு நேராகும். சரக்குக்கான தொகை வரியோடு 34,267 ரூபாய் 20 காசு.

இதுவரை எளிது. மெஷினிங் செலவில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

நான் 16 கேசிங்குக்குத் தலா 150 ரூபாய் போட்டிருந்தேன், 2,400 ரூபாய். இரண்டு ஆபரேஷனுக்கும் சோதனைக்கும் சேர்த்து ஆகும் செலவு அது. ஆனால் 9 கேசிங் முதல் ஆபரேஷனோடு நின்றுவிட்டன. அவற்றுக்கு இரண்டாம் ஆபரேஷன் செலவு எங்களுக்கு ஆகவே இல்லை. ஆர்டரில் மெஷின் வாடகை மணிக்கு 400 ரூபாய் என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தோம். முதல் ஆபரேஷனுக்கு 9 நிமிடம், அதாவது 60 ரூபாய். இரண்டாவது ஆபரேஷனும் சோதனையும் பதின்மூன்றரை நிமிடம், 90 ரூபாய். ஒன்பதுக்குத் தலா 60 வீதம் 540. ஐந்துக்குத் தலா 150 வீதம் 750. மொத்தம் 1,290 ரூபாய்தான்.

அந்த மெஷினிங் தொகைக்கும் வாடகைக்கும் நான் ஜி.எஸ்.டி. போட்டதும் தப்பு. கழிந்த காஸ்டிங்கால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கிறேன். ஃபவுண்டரிக்கு நான் எந்தச் சேவையும் செய்யவில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டதற்காகப் பெறும் நஷ்ட ஈடு தனியான சேவைக்கான கட்டணம் ஆகாது, அதற்கு வரி இல்லை என்று 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கை விளக்கியிருக்கிறது. ஆனால் ஃபவுண்டரிக்காரர், "இந்தக் குழியை வெல்டு வைத்துச் சரிசெய்து நீங்களே பயன்படுத்திக்கொள்ளுங்கள், கூலி தருகிறேன்" என்று வேலை ஒப்படைத்தால் கதை வேறு. அது அவருக்காகச் செய்யும் வேலை. அதற்கு முறையாக பில் போட்டு வரி வாங்க வேண்டும்.

அன்று அவர் கேட்ட இன்னொரு கேள்வியை இன்றுவரை பல இடங்களில் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. "264 கிலோவுக்குப் பணம் பிடிச்சிருக்கீங்க. ஆனா என் எடை மேடையில 247 கிலோதானுங்க காட்டுது. மீதி 17 கிலோ எங்கீங்க?"

அந்த 17 கிலோ எங்கள் லேத் அடியில் பொடிப்பொடியாக விழுந்து கிடந்தது. முதல் ஆபரேஷனில் ஒரு கேசிங்குக்கு 1 கிலோ இரும்பு சீவப்படும். ஒன்பதுக்கு 9 கிலோ. இரண்டும் முடிந்தவற்றில் தலா 1.6 கிலோ; ஐந்துக்கு 8 கிலோ. இதற்காகத் திருப்பி அனுப்பும் எடைக்கு மட்டும் பணம் பிடித்தால் எனக்கு நஷ்டம், ஏனென்றால் நான் கொடுக்க வேண்டியிருந்தது முழு எடைக்கும். முழு எடைக்கும் பிடித்துவிட்டு, சீவலையும் நானே பழைய இரும்புக் கடையில் விற்றுக்கொண்டால் அவருக்கு நஷ்டம், ஏனென்றால் அந்த இரும்பு இப்போது அவருடையது. நியாயம் இதுதான்: விலையை முழு எடைக்கும் பிடி, சீவலின் கழிவு விலையை நஷ்ட ஈட்டில் கழித்துக் கொடு. அன்று சீவல் கிலோ 30 ரூபாய்க்குப் போனது. 17 கிலோவுக்கு 510 ரூபாய். 1,290இல் அதைக் கழித்தால் 780.

திருப்பி அனுப்பிய டெம்போ வாடகை 600 ரூபாய். கழிந்த சரக்கின் போக்குவரத்து விற்றவர் பொறுப்பு என்று ஆர்டரில் எழுதியிருந்ததால் அதில் பேச்சே இல்லை. வேலை நின்றுபோன நாளுக்கான லாபத்தையும் கேட்கலாமே என்று எங்கள் உற்பத்திப் பிரிவில் ஒருவர் சொன்னார். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு, மீறலிலிருந்து இயல்பாக எழும் நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் செய்தபோதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும்தான் ஈடு தருகிறது; தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு இல்லை. ஆர்டரில் எழுதாத ஒன்றை டெபிட் நோட்டில் நுழைப்பது அடுத்த லோடை நிறுத்துவதற்குத்தான் வழி. அதை விட்டோம்.

திருத்திய டெபிட் நோட்டின் இணைப்பில் இப்படி எழுதினோம்:

பில் எண், தேதி, ஹீட் நம்பர், ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் எண்
கேசிங் 22 × 12 கிலோ = 264 கிலோ × 110 = 29,040.00
ஜி.எஸ்.டி. 18 சதவீதம் = 5,227.20
மெஷினிங்: 9 × 60 + 5 × 150 = 1,290.00
கழிக்க, சீவல் 17 கிலோ × 30 = 510.00
டெம்போ வாடகை = 600.00
மொத்தம் = 35,647.20

முதலில் அனுப்பியதற்கும் இதற்கும் வித்தியாசம் 5,275 ரூபாய் 20 காசு. அவ்வளவையும் நியாயமில்லாமல் அவரிடம் பிடித்திருப்பேன்.

ஃபவுண்டரிக்காரர் 34,267 ரூபாய் 20 காசுக்கு ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட் போட்டார். மீதி 1,380 ரூபாய் நஷ்ட ஈடு என்பதால் அது கிரெடிட் நோட்டில் வராது. ஏற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் கொடுத்து, தன் கணக்கில் செலவாக எழுதிக்கொண்டார். இந்த இரண்டையும் பிரித்து எழுதாவிட்டால் கிரெடிட் நோட்டும் டெபிட் நோட்டும் ஒருநாளும் ஒத்துப்போகாது. வருடக் கடைசியில் கணக்கு ஒப்பிடும்போது அந்த 1,380 மட்டும் இரு பக்கமும் தொங்கிக்கொண்டிருக்கும்.

நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபவுண்டரி குறு, சிறு தொழில் பதிவு பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குப் பணம் தர ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் காலம் 45 நாளைத் தாண்டக் கூடாது. சரக்கில் குறை இருக்கிறது என்று அது வந்த 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால், அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்துதான் நாள் கணக்கு ஓடும். போனில் சொன்னது கணக்கில் வராது. கண்ணுக்குத் தெரிந்த 8 கேசிங்குக்கு மூன்றாம் நாளே மின்னஞ்சல் போய்விட்டது. லேத்தில் கழிவது பல நேரம் 15 நாளுக்குப் பிறகுதான் தெரியவரும். அதனால் காஸ்டிங் வாங்குகிறவர்கள், மெஷினிங் ரிஜெக்‌ஷனை இத்தனை நாள் வரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆர்டரிலேயே தனியாக எழுதிக்கொள்வது நல்லது. சரக்கு விற்பனைச் சட்டத்திலும், நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள்.

கிரெடிட் நோட்டுக்கும் கடைசி நாள் உண்டு. சரக்கு வந்த நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30, அல்லது விற்றவர் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் அவர் அதை ரிட்டர்னில் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவரால் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. அலமாரியில் ஒரு வருடம் தூங்கிய டெபிட் நோட்டை எடுத்துக்கொண்டு வரியோடு கேட்டால் அவர் மறுப்பது நியாயம்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பதிவு பெற்ற வாங்குபவர், திருப்பி அனுப்பும் சரக்குக்குத் தானே வரி பில் போட்டு, விற்பனை போலவே அனுப்பலாம். அப்போது அந்த வரியை நாம் கட்டுவோம், அவர் வரவு எடுத்துக்கொள்வார். கிரெடிட் நோட் வேண்டியதில்லை. இரண்டில் எந்த வழி என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். நாம் பில் போட்டுவிட்டோம், அவர் கிரெடிட் நோட்டும் போட்டுவிட்டார் என்றால் ஒரே சரக்கின் வரி இரண்டு முறை திரும்பும். டாலியில் Alt+F5 அழுத்திப் பதியும் டெபிட் நோட்டை, நம் விற்பனை ரிட்டர்னான ஜி.எஸ்.டி.ஆர்-1இல் ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே அதற்கு இடமில்லை. நாம் செய்ய வேண்டியது, 3பி ரிட்டர்னில் உள்ளீட்டு வரி வரவைக் குறைப்பது மட்டுமே. அவருடைய கிரெடிட் நோட் இணையதளத்தில் நமக்கு வந்து நிற்கும். தொகையைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். பார்க்காமல் நிராகரித்தால், அந்த வரி மறுபடி அவர் தலையில் ஏறிவிடும்.

காஸ்டிங்கைத் திருப்பி அனுப்பும்போது டெலிவரி சலானில் டெபிட் நோட் எண்ணையும் பழைய பில் எண்ணையும் எழுதினோம். ஒவ்வொரு குழியையும் சுற்றி மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டு அனுப்பினோம். ஃபவுண்டரியில் அதைப் பார்த்த மோல்டிங் ஆட்களுக்கு, எந்த இடத்தில் வாயு சிக்குகிறது என்று உடனே தெரிந்துவிட்டது. வட்டங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் விழுந்திருந்தன. அந்தப் பக்கத்துக் கோரில் வாயு போக இன்னொரு துளை வைத்தார்கள்.

அந்த பில்லுக்கு ஃபவுண்டரிக்குப் போன பணம் 2,75,872 ரூபாய் 80 காசு. ஃபவுண்டரிக்காரர் ஒரு காசுகூட மறுத்துக் கேட்கவில்லை.